ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போனால் மற்றது எவ்வளவு நேரம் தாங்கும்? என்-1 சோதனையில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள துணைமின் நிலையத்தில் ஒன்று திடீரென்று நின்றுபோனால் மற்றது மொத்த லோடையும் ஏற்குமா என்று பார்ப்பதுதான் என்-1 சோதனை. பெரும்பாலும் இதை ஒரே வகுத்தலில் முடித்துவிடுகிறார்கள். மொத்த லோடை ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் திறனால் வகுத்து, நூறு சதவீதத்துக்குள் வந்தால் "சரி" என்று குறித்துவிடுவார்கள். ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போன மறு நொடியிலிருந்து பல கடிகாரங்கள் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன. ரிலேயின் கடிகாரம் வினாடிகளில் ஓடும், எண்ணெயின் கடிகாரம் மணிக்கணக்கில் ஓடும், லைனில் சுவிட்ச் மாற்றப் போகும் ஊழியரின் கடிகாரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓடும். எது முதலில் முடிகிறதோ அதுதான் சோதனையின் விடை.

தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணும் ஒரு 110/11 கே.வி. நிலையத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். டி-1, டி-2 இரண்டும் ஒரே மாதிரி. ஃபேன் ஓடாதபோது 10 எம்.வி.ஏ., ஃபேன் ஓடும்போது 16 எம்.வி.ஏ. இம்பிடன்ஸ் 10 சதவீதம். 16 எம்.வி.ஏ.க்கு 11 கே.வி. பக்கம் 840 ஆம்பியர், 110 கே.வி. பக்கம் 84 ஆம்பியர். டி-1 முதல் பஸ்ஸுக்கும் டி-2 இரண்டாம் பஸ்ஸுக்கும் ஊட்டுகின்றன, ஒவ்வொரு பஸ்ஸிலும் நான்கு ஃபீடர்கள். நடுவில் இரண்டு பஸ்ஸையும் இணைக்கும் பஸ் கப்ளர் சாதாரண நாட்களில் திறந்தே இருக்கும். இரவு 8 மணிக்கு டி-1இல் 560 ஆம்பியர், டி-2இல் 440 ஆம்பியர். டி-2 போவதாக வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே சூடாக இருக்கும் டி-1 மேல் கூடுதல் லோடு ஏறுவதால் இதுதான் கடுமையான பக்கம்.

அறிகுறி: கம்ப்யூட்டரில் டி-2வை எடுத்தும் டி-1இன் லோடு ஏறவில்லை

லோடு ஃப்ளோ ஓட்டுகிறீர்கள். டி-2வை நிறுத்தியும் டி-1 அதே 67 சதவீதத்தில் நிற்கிறது, சிவப்பு எச்சரிக்கை எதுவும் இல்லை. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் விடை பொய். மாடலில் கப்ளர் திறந்திருப்பதால் இரண்டாம் பஸ் செத்துவிட்டது. அதிலிருந்த 440 ஆம்பியரும் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. ஊட்டமில்லாத பஸ்ஸைப் பல மென்பொருள்கள் பிழையாகக் காட்டுவதில்லை, ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைத் தீர்த்துவிடுகின்றன.

பாண்டாபவர் பயன்படுத்துகிறவர்கள் இப்படிச் சரிபார்க்கலாம்:

```python
import pandapower as pp
import pandapower.topology as top

net.trafo.at[1, "in_service"] = False
pp.runpp(net)
print(net.res_trafo.loading_percent)
print(net.res_bus.vm_pu)
print(top.unsupplied_buses(net))
```

கடைசி வரி ஏதாவது பஸ் எண்ணைக் காட்டினாலோ, வோல்டேஜ் வரிசையில் `nan` தென்பட்டாலோ அந்த ஓட்டத்தின் லோடு சதவீதத்தை நம்பாதீர்கள். கப்ளருக்குரிய சுவிட்சை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்:

```python
net.switch.at[k, "closed"] = True   # k = கப்ளரின் வரிசை எண்
pp.runpp(net)
```

இப்போது டி-1 சுமார் 120 சதவீதத்தில் வந்து நிற்கும். எந்த மென்பொருளாக இருந்தாலும் எளிய சோதனை ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மரை எடுப்பதற்கு முன்பும் பின்பும் மொத்த லோடு எத்தனை மெகாவாட் என்று பாருங்கள். குறைந்திருந்தால் யாரோ இருட்டில் இருக்கிறார்கள்.

கப்ளர் ஏன் திறந்திருக்கிறது என்ற கேள்வியும் இங்கேயே வரும். இரண்டையும் இணையாக ஓட்டினால் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 10 சதவீத இம்பிடன்ஸ் உள்ள 16 எம்.வி.ஏ. ஒன்று மட்டும் அதிகபட்சமாக 8.4 கிலோ ஆம்பியர் தரும், இரண்டும் சேர்ந்தால் 16.8. மேலே உள்ள 110 கே.வி. சிஸ்டத்தின் இம்பிடன்ஸையும் சேர்த்தால் இது கொஞ்சம் குறையும். பழைய 11 கே.வி. பிரேக்கர்கள் 250 எம்.வி.ஏ., அதாவது 13.1 கிலோ ஆம்பியர் வரைதான். ஆகவே "கப்ளரை எப்போதும் மூடியே வைத்தால் பிரச்சினை தீர்ந்தது" என்று மாடலில் மாற்றி எழுதும் முன் பிரேக்கரின் பெயர்ப் பலகையைப் படியுங்கள்.

அறிகுறி: ஆளுக்கொரு விடை வருகிறது

ஒரே நிலையத்துக்கு ஒருவர் 140 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 123, மூன்றாமவர் 107. மூவரும் உட்கார்ந்து பேசினால் பொதுவாக லோடை எப்படிக் கூட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும்.

நம் நிலையத்தில் எட்டு ஃபீடர்களின் தனித்தனி உச்சங்களைக் கூட்டினால் 1,180 ஆம்பியர், அதுதான் 140 சதவீதம். கடைத்தெரு ஃபீடரும் குடியிருப்பு ஃபீடரும் ஒரே மணியில் உச்சம் தொடுவதில்லை என்பதால் இது மிகை. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களின் உச்சங்களைக் கூட்டினால் 560-உம் 470-உம் சேர்ந்து 1,030 ஆம்பியர், அது 123. டி-2இன் 470 பகல் 12 மணிக்கு வந்தது, இரவு 8 மணிக்கு அங்கே 440தான். ஒரே மணியின் ரீடிங்கை எடுத்தால் 1,000 ஆம்பியர், 19 எம்.வி.ஏ., 119 சதவீதம். இதுதான் சரியான அடிப்படை. 107 சொன்னவர் மெகாவாட்டை எடுத்து 16ஆல் வகுத்திருக்கிறார். 0.9 பவர் ஃபேக்டரில் 17.1 மெகாவாட், வகுத்தால் 107. டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்குவது மின்னோட்டம். ஆகவே ஆம்பியரில் கணக்குப் போடுவதே பாதுகாப்பு, லாக் ஷீட்டில் இருப்பதும் ஆம்பியர்தான்.

ரீடிங் எடுத்த நாளையும் கவனியுங்கள். அன்று ஒரு ஃபீடர் பராமரிப்புக்காகப் பக்கத்து நிலையத்தின் மீது ஓடியிருந்தால் அந்த லோடு உங்கள் ஷீட்டில் இருக்காது. லாக் புத்தகத்தின் குறிப்புப் பகுதியைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பகல் நேர ரீடிங்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கூரைச் சோலார் நிறைய உள்ள ஃபீடரில் நண்பகல் 12 மணிக்கு மீட்டர் காட்டுவது நிகர லோடு. டி-2 டிரிப் ஆன நொடியில் அந்த பஸ்ஸின் சோலார் இன்வெர்ட்டர்கள் எல்லாமே நின்றுவிடும். கப்ளர் மூடி வோல்டேஜ் வந்த பிறகும் குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருந்துதான் திரும்ப இணையும். அந்த இடைவெளியில் டி-1 காண்பது முழு லோடு. ஃபீடரில் இணைக்கப்பட்டிருக்கும் சோலார் கிலோவாட் பட்டியலை எடுத்து அந்த மணிக்குரிய உற்பத்தியைத் திரும்பக் கூட்டுங்கள். மாலை உச்சம் கடுமையாக இருக்கும் நிலையத்தில் இது விடையை மாற்றாது. பகல் உச்சம் உள்ள தொழிற்பேட்டை நிலையத்தில் நிச்சயம் மாற்றும்.

அறிகுறி: கப்ளர் மூட மறுக்கிறது

டி-2 டிரிப், இரண்டாம் பஸ் இருட்டு, கப்ளரின் கைப்பிடியைத் திருப்பினால் அசைவில்லை. பெரும்பாலும் இன்டர்லாக். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பஸ்ஸுக்கு வரும் இரண்டு இன்கமர், ஒரு கப்ளர் ஆகிய மூன்றில் இரண்டு மட்டுமே மூடியிருக்கலாம் என்று அமைத்திருப்பார்கள். டி-2இன் 110 கே.வி. பிரேக்கர் திறந்தும் 11 கே.வி. இன்கமர் இன்னும் மூடியே இருந்தால் கப்ளர் விடாது. இன்டர்டிரிப் வயரிங் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இன்கமரைக் கையால் திறங்கள், இன்டர்லாக்கைத் தாண்டாதீர்கள். இன்கமர் மூடியிருக்கும்போது கப்ளரை மூடினால் பழுதான டி-2வுக்குப் பின்பக்கத்திலிருந்து 11 கே.வி. போகும்.

கப்ளர் சுலபமாக மூடினாலும் மூடும் முன் ரிலே கொடிகளைப் படிக்க வேண்டும். டிஃபரன்ஷியலோ புக்கோல்ஸோ விழுந்திருந்தால் கோளாறு டி-2வுக்குள். பஸ் நன்றாக இருக்கிறது, மூடலாம். இன்கமர் ஓவர்கரன்ட் விழுந்திருந்தால் கோளாறு இரண்டாம் பஸ்ஸிலோ, டிரிப் ஆகாத ஒரு ஃபீடரிலோ இருக்கலாம். அந்த நிலையில் கப்ளரை மூடுவது கோளாறைக் கொண்டுபோய் டி-1இன் தலையில் வைப்பது. நான்கு ஃபீடர்களையும் திறந்து, பஸ்ஸைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகுதான்.

அறிகுறி: கப்ளர் மூடிய பத்து வினாடியில் டி-1 இன்கமரும் டிரிப்

என்-1 சோதனையில் நான் முக்கியமாகக் கருதுவது இந்த இடத்தைத்தான், ஏனென்றால் வெப்பக் கணக்கில் இது தெரியவே தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர் 119 சதவீதத்தைச் சில மணி நேரம் தாங்கும் என்று லோடிங் வழிகாட்டி சொல்கிறது. இன்கமரின் ஓவர்கரன்ட் ரிலேக்கு அந்த வழிகாட்டி தெரியாது.

நம் நிலையத்தில் இன்கமர் சி.டி. 800/1. ரிலேயின் பிளக் செட்டிங் 100 சதவீதம், டைம் செட்டிங் 0.3, சாதாரண இன்வர்ஸ் வளைவு. செட் செய்தபோது நிலையத்தின் லோடு 300, 400 ஆம்பியராக இருந்திருக்கும், 800 என்பது தாராளம். இப்போது டி-1 மேல் 1,000 ஆம்பியர் வருகிறது:

```
t = TMS × 0.14 / ((I / Is)^0.02 − 1)
  = 0.3 × 0.14 / ((1000 / 800)^0.02 − 1)
  ≈ 9.4 s
```

ஒன்பதரை வினாடியில் மொத்த நிலையமும் இருட்டு. டி-1 சூடாவதற்குள் அதன் வேலை முடிந்துவிடுகிறது. இந்த நிலையத்துக்கு 840 ஆம்பியர் என்ற டிரான்ஸ்ஃபார்மர் எல்லை காகிதத்தில்தான் இருக்கிறது. உண்மையான எல்லை 800.

கண்டுபிடிப்பது எளிது. டிரிப் ஆன ரிலேயில் ஓவர்கரன்ட் கொடி இருக்கும், டிஸ்டர்பன்ஸ் பதிவில் மின்னோட்டம் மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும், எர்த் ஃபால்ட் இருக்காது. கோளாறு என்றால் ஒரு ஃபேஸ் துள்ளும், மின்னோட்டம் ஆயிரக்கணக்கில் வரும். சமமான மூன்று ஃபேஸும் 1.2 மடங்கு மின்னோட்டமும் வெறும் லோடு.

இரண்டாம் பஸ் எவ்வளவு நேரம் இருட்டில் இருந்தது என்பதும் இங்கே கணக்கில் வரும். இருபது நிமிடம் இருந்திருந்தால் ஏசியும் ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டார்களும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட பம்புசெட்டுகள் உள்ள கிராமத்து ஃபீடர் என்றால் இன்னும் கடுமை. 440 என்று எண்ணி மூடிய பஸ் முதல் சில நிமிடங்களுக்கு அதைவிடக் கணிசமாக மேலே போகும், ரிலேக்கு அது போதும். அதனால் நான்கு ஃபீடர்களையும் திறந்து வைத்துக் கப்ளரை மூடி, ஃபீடர்களை ஒவ்வொன்றாக, சில நிமிட இடைவெளியில், அம்மீட்டரைப் பார்த்தபடி சேர்க்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு செட்டிங்கை உயர்த்துவது. அது ரிலேக்களைச் சோதிக்கும் எம்.ஆர்.டி. பிரிவின் வேலை, நிலையத்தில் இருப்பவர் திருகக் கூடாது. ஏன் என்பதைக் கணக்கே காட்டும். செட்டிங்கை 1,200 ஆம்பியருக்கு உயர்த்தினால் லோடுக்கு இடம் கிடைக்கும். ஆனால் 11 கே.வி. பஸ்ஸில் 8.4 கிலோ ஆம்பியர் கோளாறு வந்தால், முன்பு 0.87 வினாடியில் திறந்த இன்கமர் இப்போது 1.06 வினாடி எடுக்கும். டைம் செட்டிங்கை 0.25-க்கு இறக்கினால் மறுபடி 0.88-க்கு வரும். அப்படி இறக்கிய பிறகு ஃபீடர் ரிலேக்களுக்கும் இதற்கும் இடைவெளி போதுமா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், 11 கே.வி. பக்கத்தை மட்டும் உயர்த்தினால் பாதி வேலைதான். 1,000 ஆம்பியர் 110 கே.வி. பக்கம் 100 ஆம்பியர். அங்கே சி.டி. 100/1, பிளக் செட்டிங் 100 சதவீதம் என்றிருந்தால் அந்த ரிலே சரியாகத் தொடக்க விளிம்பில் நிற்கிறது. மின்னோட்டம் இன்னும் பத்து ஆம்பியர் ஏறினால் அது எண்ணத் தொடங்கும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பாருங்கள். அதோடு பாதையில் உள்ள மற்றவற்றின் பலகைகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: இன்கமர் பிரேக்கர் 1,250 என்றிருக்கும், பக்கத்திலேயே ஐசொலேட்டர் 800 என்றிருக்கும். 800/1 சி.டி. 1,000 ஆம்பியரைத் தொடர்ந்து சுமக்க அனுமதி உண்டா என்பதும் அதன் பலகையில்தான் இருக்கிறது. ஐசொலேட்டரும் சி.டி.யும் 800-ஐத் தாண்டாதவை என்றால் ரிலேயை உயர்த்துவது கோளாறை இடம் மாற்றுவதுதான். முதலில் அவற்றை மாற்ற வேண்டும்.

அறிகுறி: டிரிப் ஆகவில்லை, ஆனால் வைண்டிங் வெப்பமானி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அலாரம் தருகிறது

ரிலே சரியாகிவிட்டது, டி-1 1,000 ஆம்பியரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எண்ணெயின் கடிகாரம். வெளியே 32 டிகிரி. முழு லோடில் மேல் எண்ணெய் 50 டிகிரி ஏறும், வைண்டிங்கின் சூடான புள்ளி அதற்கு மேல் இன்னும் 18 டிகிரி ஏறும் என்று டெஸ்ட் ரிப்போர்ட் சொல்வதாக எடுத்துக்கொள்வோம். ஃபேன் ஓடும்போது எண்ணெயின் கால மாறிலி சுமார் இரண்டரை மணி நேரம்.

560 ஆம்பியரில் மேல் எண்ணெய் 62 டிகிரியில் இருந்தது. 1,000 ஆம்பியரில் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடம் 96. ஒரு மணி நேரத்தில் 73, இரண்டு மணி நேரத்தில் 80-ஐத் தாண்டும், மூன்றில் 86. சூடான புள்ளி எப்போதும் இதற்கு மேல் 24 டிகிரி. ஆக மூன்று மணி நேர முடிவில் 110 டிகிரி.

ஐ.எஸ். 2026-இன் 7ஆம் பாகம் பின்பற்றும் ஐ.இ.சி. வழிகாட்டியின்படி, சாதாரண இன்சுலேஷன் காகிதம் 98 டிகிரியில் இயல்பான வேகத்தில் முதுமையடைகிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் வேகம் இரட்டிப்பு. 110-இல் நான்கு மடங்கு. ஒரு மாலை நேரத்துக்கு அது தாங்கக்கூடிய விலை. இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு அவசர நிலையில் 140 டிகிரி வரையும் 1.5 மடங்கு மின்னோட்டம் வரையும் வழிகாட்டி இடம் கொடுக்கிறது. ஈரம் ஏறிய பழைய டிரான்ஸ்ஃபார்மரில் 140 பக்கம் போனால் குமிழி உருவாகும் அபாயம் உண்டு, அந்த எல்லையை நெருங்கக் கூடாது. நாம் அதற்கு வெகு கீழே இருக்கிறோம்.

ஆனால் நம் வைண்டிங் வெப்பமானியில் அலாரம் 95, டிரிப் 105 என்று வைத்திருக்கிறார்கள். அலாரம் சுமார் 50 நிமிடத்தில் வரும், டிரிப் இரண்டு மணி நேரம் சொச்சத்தில். காகிதம் தாங்கும், வெப்பமானி தாங்காது. இரவு 8 மணிக்கு டி-2 போனால் 10 மணி தாண்டியதும் டி-1-உம் போகும். ஆகவே இந்த நிலையத்துக்கு வெப்பத்தின் விடை "இரண்டு மணி நேரம்". அலாரம் வந்தவுடன் பதறத் தேவையில்லை, ஆனால் அது வந்த பிறகு கையில் இருப்பது ஏறத்தாழ எழுபத்தைந்து நிமிடம் என்று ஆப்பரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் இரவு 36 டிகிரி என்றால் இதே நேரங்கள் சுருங்கும்.

இப்போது அறிகுறிக்கு வருவோம். அலாரம் ஐம்பது நிமிடத்துக்குப் பதில் இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே வந்தால்? ரேடியேட்டர் பக்கம் போய்ப் பாருங்கள். ஃபேன் ஓடாது. ஃபேன் இல்லாமல் இது 10 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், அதன் மேல் 19 எம்.வி.ஏ., கிட்டத்தட்ட 1.9 மடங்கு. அதே கணக்கை ஃபேன் இல்லாமல் போட்டால் அலாரம் சுமார் 25 நிமிடத்திலும் டிரிப் ஒரு மணி நேரத்துக்குள்ளும் வருகிறது. 1.5 மடங்கு என்ற எல்லையும் உடைந்துவிட்டது.

ஃபேன் ஏன் ஓடவில்லை என்பதற்கு அடிக்கடி கிடைக்கும் பதில் நிலையத்தின் சொந்த உபயோகத்துக்கான சிறு டிரான்ஸ்ஃபார்மர். அதை டி-2இன் 11 கே.வி. பக்கத்தில், இன்கமர் பிரேக்கருக்கு முன்னாலேயே இணைத்திருந்தால், டி-2 போன நொடியில் ஃபேன் சப்ளையும் போய்விடும். கப்ளரை மூடினாலும் திரும்பாது. பேட்டரி இருப்பதால் ரிலேக்களும் பேனல் விளக்கும் வேலை செய்யும், அதனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. மாற்று சப்ளைக்கு சேஞ்ச்ஓவர் இருக்கிறதா, அது தானாக மாறுமா, கையால் மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். சப்ளை திரும்பிய பிறகும் ஓடவில்லை என்றால் ஃபேன் கன்ட்ரோல் பெட்டியில் செலக்டர் "மேனுவல்" நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கான்டாக்டர் விழுந்தால் அந்த நிலையில் யாராவது பட்டனை அழுத்தும்வரை அப்படியே கிடக்கும்.

லோடு ஃப்ளோ மாடலில் டிரான்ஸ்ஃபார்மர் திறன் 16 என்று எழுதியிருக்கும். அந்த 16-க்கு ஃபேன் சப்ளை நிபந்தனை என்பது மாடலில் எங்கும் இருக்காது. சோதனை அறிக்கையில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

அறிகுறி: 11 கே.வி. வோல்டேஜ் இறங்கி, திரும்ப ஏறவில்லை

டி-1இன் உள்ளே வோல்டேஜ் வீழ்ச்சி சுமார் 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்குச் சற்று மேலே போகிறது, அதாவது பஸ் கூடுதலாக மூன்று சதவீதத்துக்கு மேல் இறங்கும். டேப் சேஞ்சரின் ஒரு படி 1.25 சதவீதம் என்றால் மூன்று படி ஏறினால் சரியாகிவிடும். ஏறவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். டி-1இன் டேப் சேஞ்சர் "ஃபாலோயர்" நிலையில் இருந்து, மாஸ்டரான டி-2 போய்விட்டதா? தலைவன் இல்லாமல் அது நகராது, தனி நிலைக்கு மாற்ற வேண்டும். அல்லது டேப் சேஞ்சரின் ஓவர்கரன்ட் பிளாக், 119 சதவீதத்தில் நகர வேண்டாம் என்று பிடித்து வைத்திருக்கலாம். அப்படியானால் முதலில் லோடு இறங்க வேண்டும், டேப்பைக் கையால் தள்ளக் கூடாது.

அறிகுறி: பக்கத்து நிலையத்துக்கு லோடு மாற்றலாம் என்று காகிதத்தில் இருக்கிறது, மாற்றிய பிறகும் டி-1 இறங்கவில்லை

நம் நிலையத்தின் அறிக்கை இப்படி முடிந்திருக்கும்: "இரண்டாம் பஸ்ஸின் இரண்டு ஃபீடர்களில் 110 ஆம்பியரும் 95 ஆம்பியரும் டை மூலம் மாற்றப்படும், மீதி 795 ஆம்பியர், 95 சதவீதம், சரி." வரி அழகாக இருக்கிறது. களத்தில் அது உடையும் இடங்கள் இவை.

முதலாவது, ஒரு ஃபீடரை இன்னொரு ஃபீடரோடு இணைக்கும் டையின் மறுமுனை எங்கே போகிறது. 95 ஆம்பியர் ஃபீடரின் டை இதே நிலையத்தின் முதல் பஸ் ஃபீடர் ஒன்றோடு சேர்ந்திருந்தால், லோடு இரண்டாம் பஸ்ஸிலிருந்து முதல் பஸ்ஸுக்குப் போகிறது. இரண்டுமே இப்போது டி-1 மேல்தான். சுவிட்ச் எல்லாம் மாற்றியும் இன்கமர் அம்மீட்டர் 1,000-லிருந்து 890-க்கு வந்து நிற்கும், 795-க்கு வராது. ஒற்றை வரிப் படத்தில் டை என்று மட்டும் குறித்திருப்பார்கள். லைன் வரைபடத்தை எடுத்துக் கம்பம் கம்பமாக மறுமுனையை உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, நேரம். ஏ.பி. சுவிட்ச் லோடை உடைக்க ஆனதல்ல. ஃபீடரைத் திறந்து, ஊழியர் போய் ஒரு சுவிட்சைத் திறந்து இன்னொன்றை மூடி, திரும்பச் சொன்ன பிறகுதான் சப்ளை. இரவில் ஒரு ஃபீடருக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தால், ஒரே குழு இரண்டு ஃபீடருக்கு எண்பது நிமிடம். வெப்பமானியின் இரண்டு மணி நேரத்துக்குள் இது அடங்குகிறது, பழைய ரிலே செட்டிங்கின் ஒன்பதரை வினாடிக்குள் அடங்காது. செட்டிங்கை உயர்த்தும்வரை இந்த நிலையத்தில் வரிசை மாற வேண்டும்: இரண்டாம் பஸ்ஸில் மொத்தமாக 200 ஆம்பியருக்கு மேல் வரும் ஃபீடர்களை மூடாமலே வைத்திருந்து, டை மாற்றிய பிறகே சேர்ப்பது. அந்த ஃபீடர்களின் மக்கள் அதுவரை இருட்டில் இருப்பார்கள் என்பதை அறிக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த ஃபீடரில் மருத்துவமனையும் குடிநீர் நிலையமும் இருக்கின்றன என்று பார்த்து வரிசையைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்து நிலையம். அதற்கும் இரவு 8 மணிதான் உச்சம். அதன் லோடை அதே மணிக்கு வாங்குங்கள், அதோடு நீண்டுபோன ஃபீடரின் கடைக்கோடியில் வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது என்றும் கணக்குப் போடுங்கள். புதிதாக இழுத்த டை என்றால் முதல் முறை மூடும் முன் ஃபேஸ் வரிசை பார்த்தே ஆக வேண்டும்.

இவற்றை எல்லாம் சரிபார்க்கச் சிறந்த நேரம், லோடு குறைவாக உள்ள ஒரு ஞாயிறு காலையில் டி-2வைப் பராமரிப்புக்காக முறைப்படி எடுக்கும் நாள். மொத்தம் 600 ஆம்பியருக்குள் இருக்கும்போது கப்ளரை மூடி, ஃபேன் சப்ளை எங்கிருந்து வருகிறது, இன்டர்டிரிப் வேலை செய்கிறதா, டேப் சேஞ்சர் தனியாக நகர்கிறதா, டை மாற்றினால் இன்கமர் அம்மீட்டர் உண்மையில் எத்தனை ஆம்பியர் இறங்குகிறது, ஒரு டைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மேல் எண்ணெய் வெப்பத்தைக் கால் மணிக்கு ஒரு முறை குறித்தால் கால மாறிலி உங்கள் டிரான்ஸ்ஃபார்மருடையதாகவே கிடைக்கும், வழிகாட்டியின் இரண்டரை மணி நேரத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.